இன்ஸ்டா கணக்கு போனாலும் வாடிக்கையாளர் போகாமல் இருக்க: மின்னஞ்சல் பட்டியலும் சொந்த இணையதளமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நாட்டுக் காய்கறி விதைகள் அனுப்புவது எங்கள் வீட்டுத் தொழில். அதை வளர்த்துவிட்டவை இன்ஸ்டாகிராமும் யூடியூபும்தான், அதில் சந்தேகமே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தளத்தில் எங்கள் கணக்கு முடங்கியது. காரணம் சொல்லவில்லை, பேச ஆளும் கிடைக்கவில்லை. 19 நாள் கழித்துத் தானாகவே திரும்பி வந்தது. அதற்குள் விதைப்புப் பட்டத்தில் பெரும்பகுதி கடந்துவிட்டது. கட்டி வைத்த பொட்டலங்கள் அப்படியே கிடந்தன.

அதன்பிறகுதான் மின்னஞ்சல் பட்டியலும் சொந்த இணையதளமும் அமைத்தோம். பொடி விற்கும் தோழி, சேலை விற்கும் அக்கா, வீணை கற்றுத்தரும் டீச்சர் என்று பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

என்னை 40,000 பேர் ஃபாலோ பண்றாங்க. அதுவே போதாதா?

உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளின் இன்சைட்ஸைத் திறந்து பாருங்கள். பதிவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்பவர்கள், எத்தனை பேர் புதியவர்கள் என்று தனித்தனியாகக் காட்டும். அதைப் பார்த்தாலே விஷயம் புரியும். 40,000 பேரில் யாருக்கு எதைக் காட்டுவது என்பதைத் தளம்தான் முடிவு செய்கிறது. விதை தீரப்போகிறது என்று இன்று போட்ட பதிவு, வாங்கக்கூடியவர் கண்ணில் அடுத்த வாரம் படலாம், படாமலும் போகலாம்.

தளமே இல்லாமல் போவதும் நடந்திருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. லட்சக்கணக்கான பேர் பின்தொடர்ந்தவர்களுக்குக்கூட, ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று அந்த மக்களிடம் சொல்ல வழி இல்லாமல் போனது. 2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் ஒன்றாக நின்று, சுமார் ஆறு மணி நேரம் கழித்துத்தான் திரும்பின. ஆர்டர் இன்ஸ்டாவில், உறுதி செய்வது வாட்ஸாப்பில் என்று வைத்திருந்தவர்களுக்கு அன்று இரண்டு கதவும் சேர்ந்தே மூடின, ஏனென்றால் மூன்றும் ஒரே கம்பெனியின் கையில் இருக்கின்றன.

சொந்தம்னு சொல்றீங்க, ஆனா ஜிமெயிலும் கூகுளோடதுதானே?

படிப்பவரின் அஞ்சல்பெட்டி கூகுளுடையதுதான். ஆனால் மின்னஞ்சல் என்ற முறை எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஜிமெயில்காரருக்கு யாஹூவிலிருந்தும் எழுதலாம், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள முகவரியிலிருந்தும் எழுதலாம். கடிதங்களை அனுப்பித்தரும் கம்பெனி நாளைக்கே கடையைச் சாத்தினாலும், பட்டியலை வேறொரு கம்பெனிக்கு எடுத்துப்போய், அதே முகவரியிலிருந்து அடுத்த கடிதத்தை அனுப்பலாம். படிப்பவருக்கு மாற்றமே தெரியாது. இன்ஸ்டாவிலிருந்து தகவலைத் தரவிறக்கினால் கிடைப்பது பின்தொடர்பவர்களின் பயனர்பெயர்கள் மட்டும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து யாரையும் தொடர்புகொள்ள முடியாது.

நான் சொந்தம் என்று கணக்கில் எடுப்பவை மூன்றே மூன்று. உங்கள் பெயரில் பதிவான டொமைன், அதாவது உங்கள் இணையதளத்தின் முகவரிப் பெயர். அனுமதி கொடுத்தவர்களின் முகவரிகள் அடங்கிய, உங்கள் கணினியில் இருக்கும், எக்செல்லில் அட்டவணையாகத் திறக்கும் ஒரு சிஎஸ்வி கோப்பு. நீங்கள் எழுதியவை, எடுத்த படங்கள், வீடியோக்களின் மூலப்பிரதி. மற்றதெல்லாம் வாடகை. வாடகை வீட்டில் இருப்பதில் தவறில்லை, கிளம்பும்போது சாமானை எடுத்துப்போக முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம்ம ஊர்ல யாரு மெயில் பாக்குறா? வாட்ஸாப் குரூப் போதாதா?

நியாயமான கேள்வி. எங்கள் வாடிக்கையாளர்களிலும் மெயிலே திறக்காதவர்கள் உண்டு. அவர்களை வாட்ஸாப்பில்தான் பிடிக்க முடியும், நாங்களும் அதை விடவில்லை. ஆனால் வாட்ஸாப்பில் எந்த வழியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கையில் மிஞ்சுவது மாறும். பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். சேனலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் அவர்களின் எண்கள் உங்களுக்குத் தெரியாது. சேனல் போனால் ஆட்களும் போய்விடுவார்கள். குரூப்பில் எண் தெரியும், ஆனால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாடிக்கையாளர்கள், அதிலும் பெண்கள், இதற்காகவே வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மெயில் படிக்கிறவர் குறைவாக இருக்கலாம், ஆனால் அங்கே படிப்பது வேறு மாதிரி. நாங்கள் அனுப்பிய விதைப்பு அட்டவணையைத் தேடியெடுத்து, அதே கடிதத்துக்குப் பதிலாக ஆறு மாதம் கழித்து ஆர்டர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸாப்பில் ஆறு மாதத்துக்கு முந்தைய செய்தியை யாரும் அப்படித் தேடி எடுப்பதில்லை.

முதல்ல வெப்சைட்டா, மெயில் லிஸ்டா? ரெண்டும் சேர்த்துச் செய்ய நேரம் இல்ல.

டொமைன் முதலில். அடுத்து ஒரே ஒரு பக்கம்: நீங்கள் யார், என்ன அனுப்புவீர்கள், முகவரி போட ஒரு கட்டம். அவ்வளவுதான். அழகான இணையதளம் வேண்டும் என்று ஆறு மாதம் வடிவமைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆறு மாதத்தில் வந்துபோன ஆட்களை எல்லாம் விட்டுவிட்டார்கள்.

பிறகு, உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு ஒரு பக்கம் என்று மெதுவாக எழுதிச் சேர்த்துக்கொண்டே போங்கள். எங்களுக்கு அது ‘அவரை கொடி தளதளன்னு இருக்கு, ஏன் பூக்கல?’ என்பது. பல நாட்டு அவரை ரகங்கள் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும், அதனால்தான் ஆடியில் போடச் சொல்கிறார்கள். தையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இலைதான் பெருகும். இதை ரீலில் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொன்றும் சில நாளில் அடியில் போய்விட்டது. இணையதளத்தில் ஒரே பக்கமாக எழுதி வைத்தபின், கூகுளில் தேடுகிறவர்கள் வருடம் முழுக்க அங்கே வருகிறார்கள். அந்தப் பக்கத்தின் அடியிலும் முகவரிக் கட்டம் இருக்கிறது.

டொமைன் வாங்கித்தரேன்னு தெரிஞ்ச தம்பி ஒருத்தர் சொல்றார். விட்டுடலாமா?

உதவி வாங்குங்கள், ஆனால் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் இருக்கட்டும். தம்பி நல்லவர்தான். மூன்று வருடம் கழித்து அவர் வேலைக்கு வெளியூர் போய், எண் மாறி, புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருடைய பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? இதை இரண்டு பேருக்கு நேரில் பார்த்தேன். ஒருவருடைய பெயர் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். அவருடைய பொட்டலங்களில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது.

இன்னும் இரண்டு விஷயம். டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நின்றுவிடும், மீட்புக் கடிதம் வந்து சேராது. அதற்கு மட்டும் ஜிமெயில் போன்ற வேறு முகவரி கொடுங்கள். அடுத்தது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தொடர் பிடித்தம் குறித்த விதி நடைமுறைக்கு வந்தபிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கார்டில் போகும் தானியங்கிப் பணம் பல நேரம் நின்றுபோகிறது. மூன்று, ஐந்து வருடத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டு, காலண்டரில் தேதி குறித்துக்கொள்வது நிம்மதி. மெயில் அனுப்பித்தரும் சேவைக்கும் மாதக் கட்டணம் போனதா என்று அவ்வப்போது பாருங்கள்.

ஜிமெயில்லயே பிசிசி போட்டு எல்லாருக்கும் அனுப்பினா என்ன?

ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பத்தான் பிசிசி, முதல் முப்பது பேருக்கு அப்படி அனுப்பலாம். அதற்கு மேல் வேண்டாம். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, அது சின்னப் பிரச்சினைதான். பெரிய பிரச்சினை, விலகிக்கொள்ளும் இணைப்பு அதில் இல்லை என்பது. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்கு இருக்கும் ஒரே கதவு அதுதான்.

மெயில்சிம்ப், மெயிலர்லைட், கிட், பிரெவோ போன்ற சேவைகள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. ஓரளவு தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ‘லிஸ்ட்மங்க்’ என்ற திறந்தமூல மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்கிறார்கள். இலவச அளவுகள் அடிக்கடி மாறும், அதனால் எது மலிவு என்று இங்கே எழுதவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: பத்துப் பேரைச் சேர்த்து, உடனே ஏற்றுமதி செய்து பாருங்கள். முகவரி, சேர்ந்த தேதி, எந்தப் படிவத்தில் சேர்ந்தார் என்ற மூன்றும் கோப்பில் வந்தால் சரி.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு ஏதோ கேக்குது. இதெல்லாம் கட்டாயமா?

கட்டாயம். உங்கள் பெயரைப் போட்டு வேறு யாரோ அனுப்பவில்லை என்று அஞ்சல்பெட்டிக்கு நிரூபிக்கும் மூன்று பதிவுகள் இவை. எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும். டிகிம், கடிதத்தில் இடும் கையொப்பம். டிமார்க், இவை பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்று சொல்லும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் மூன்றையும் கேட்கின்றன. அனுப்புநர் முகவரியாக ஜிமெயில் முகவரியைப் போட்டு, வேறொரு சேவை வழியாக அனுப்பினால் இந்தச் சோதனையில் தேறாது. உங்கள் டொமைன் முகவரிதான் வேண்டும்.

டிகிம் பதிவை அனுப்பும் சேவையே தரும், டொமைன் வாங்கிய இடத்தில், டொமைனுக்கான அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பகுதியில் ஒட்டினால் போதும். எல்லோரும் தவறுவது எஸ்பிஎஃப்பில்தான். ஏற்கெனவே ஒன்று இருக்க, புதிய சேவை சொன்னதை இரண்டாவதாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும், இப்படி:

```
v=spf1 include:_spf.google.com include:spf.example.net ~all
```

இதில் `spf.example.net` என்ற இடத்தில் உங்கள் சேவை கொடுத்த பெயர் வரும். டிமார்க்கை `_dmarc` என்ற பெயரில் முதலில் மென்மையாகத் தொடங்கலாம்:

```
v=DMARC1; p=none; rua=mailto:name@example.com
```

சரியாக வந்ததா என்று பார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் அதன் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்துங்கள். மூன்றுக்கும் எதிரே `PASS` என்று இருக்க வேண்டும்.

‘என் மெயில் லிஸ்ட்ல சேருங்க’ன்னு ஸ்டோரி போட்டேன். 11 பேர்தான் சேர்ந்தாங்க. எங்க தப்பு?

எங்களுக்கும் முதலில் அப்படித்தான் நடந்தது. ‘லிஸ்ட்ல சேருங்க’ என்பதில் சேருபவருக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றும் இல்லை. பிறகு கமெண்ட்களை உட்கார்ந்து படித்தோம். பாதிக் கேள்வி ஒரே மாதிரி இருந்தது: ‘இப்ப என்ன போடலாம்?’, ‘கத்தரி நாத்து எப்ப விடணும்?’ அதற்குப் பதிலாக ஒரே பக்கத்தில் ஒரு விதைப்பு அட்டவணை செய்தோம். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு நான்கைந்து காய், எதை நேரடியாக விதைப்பது, எதை நாற்று விடுவது, பையின் அளவு என்ன. போனில் படிக்கும்படி பெரிய எழுத்து. மெயில் முகவரி கொடுத்தால் அட்டவணை வரும், அதோடு ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்து வேலைகளைப் பற்றி ஒரு கடிதம் வரும் என்று சொன்னோம். இந்த இரண்டாவது பகுதியைச் சொல்லாமல் விடாதீர்கள். அட்டவணைக்கு மட்டும் என்று நினைத்துக் கொடுத்தவர், அடுத்த மாதக் கடிதத்தை ஸ்பேம் என்பார்.

மொத்தமாக ஒருநாள் அறிவிப்பதை நிறுத்தினோம். அவரைப் பூச்சியைப் பற்றி ரீல் போட்டால் அன்றைய ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர், யூடியூப் வீடியோவின் விவரத்தில் முதல் வரி, யாராவது ‘எப்ப விதைக்கணும்’ என்று கேட்டால் பதிலோடு முகவரி. இன்ஸ்டா பதிவின் எழுத்தில் போடும் முகவரியை அழுத்த முடியாது, அதனால் சொல்லவும் நினைவில் வைக்கவும் எளிதாக இருக்க வேண்டும்: டொமைன் பெயர், சாய்கோடு, ‘pattam’, அவ்வளவே. படிவத்தில் மின்னஞ்சல் மட்டும் கேட்டோம். போன் எண்ணும் ஊரும் கேட்ட நாட்களில் பாதிப் பேர் நடுவிலேயே திரும்பிப் போனார்கள்.

ஆனால் எங்களுக்கு அதிகம் பலன் தந்தது விதைப் பொட்டலத்துக்குள் வைத்த துண்டுச்சீட்டு. ஒரு கியூஆர் கோடு, கூடவே ‘இந்த விதையை எப்படிப் போடுவது?’ என்ற வரி. விதை கையில் இருக்கும் நேரத்தில், தெரிந்துகொள்ள வேண்டிய அவசரத்தில் ஸ்கேன் செய்வார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களும் அவர்கள்தான். அந்த கியூஆர் எங்கள் சொந்த டொமைனுக்குப் போகிறது, எந்தத் தளத்துக்கும் நேராகப் போகவில்லை. அச்சில் வருவது எதுவானாலும் இப்படியே செய்யுங்கள். இன்ஸ்டா பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால்கூட உங்கள் டொமைனில் ஒரு குறும்முகவரி வைத்து அங்கிருந்து திருப்பிவிடுங்கள். கணக்கு மாறினால் திருப்பும் இடத்தை மாற்றலாம், அச்சிட்ட சீட்டை மாற்ற முடியாது.

ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவங்க மெயில் 900 இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துடவா?

வேண்டாம். பார்சல் அனுப்புவதற்காகக் கொடுத்த முகவரி அது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக என்று சொல்லிப் பெற்ற சம்மதத்தைத்தான் சம்மதம் என்கிறது. சட்டத்தை விடுங்கள், கணக்கையே பாருங்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்று கூகுள் சொல்கிறது. 900 கடிதத்தில் மூன்று பேர் பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லைக்கு வந்துவிட்டீர்கள். அதன்பிறகு விரும்பிச் சேர்ந்தவர்களுக்கும் கடிதம் ஸ்பேமில் விழும்.

செய்யக்கூடியது இது. அடுத்த ஆர்டர் உறுதிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘மாதம் ஒரு விதைப்புக் கடிதம் அனுப்புகிறோம், வேண்டுமென்றால் இங்கே சேருங்கள்.’ ஆர்டர் படிவத்தில் ஒரு டிக் கட்டம் வையுங்கள், முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். சேர்ந்தவருக்கு ‘நீங்கள்தானா?’ என்று ஒரு உறுதிப்படுத்தும் மெயில் போவதும் நல்லது. சிலர் அதை அழுத்த மறந்துவிடுவார்கள், எண்ணிக்கை குறையும். ஆனால் தவறாக அடித்த முகவரிகள், போலி முகவரிகள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்பணும்? என்ன எழுதுறது?

மாதம் ஒன்று, தவறாமல். ஆறு மாதம் அனுப்பாமல் இருந்துவிட்டு திடீரென்று தள்ளுபடி என்று அனுப்பினால், யார் நீங்கள் என்றே அவருக்கு நினைவிருக்காது. எங்கள் கடிதம் தமிழ் மாதப் பிறப்பை ஒட்டிப் போகும். அந்த மாதத்து விதைப்பு, போன மாதம் வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில், இருப்பில் உள்ள விதை, இவை மட்டும். விற்பனை கடைசியில்தான் வரும்.

முதல் கடிதத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். ‘உங்கள் மாடியில் எத்தனை பை இருக்கிறது, எந்த ஊர்?’ என்று நாங்கள் கேட்கிறோம். நிறைய பேர் பதில் எழுதுகிறார்கள், படமும் அனுப்புகிறார்கள். அடுத்த ஐந்து கடிதங்களுக்கு விஷயம் அதிலேயே கிடைத்துவிடும். பதில் எழுதியவரின் பெட்டியில் உங்கள் கடிதம் ஸ்பேமுக்குப் போவதும் அரிது.

60 சதவீதம் பேர் திறந்ததா காட்டுது, ஆனா ஆர்டர் வரல. பொய்யா?

பாதி பொய். கடிதத்தில் மறைந்திருக்கும் ஒரு சின்னப் படம் தரவிறங்கினால் ‘திறந்தார்’ என்று எண்ணுகிறார்கள். 2021-ல் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் மெயில் செயலியில் ஒரு வசதி வந்தது. அதை வைத்திருப்பவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் படங்களை முன்பே தரவிறக்கிவிடும். படங்களை முடக்கி வைத்துப் படிப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால் அந்த எண்ணை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பார்க்க வேண்டியவை: எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் விலகினார்கள். ஒரு வருடமாக எதையும் அழுத்தாதவர்களுக்கு ‘தொடர்ந்து அனுப்பவா?’ என்று ஒரே ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் படிக்காத பெட்டிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

தமிழ்ல நீளமா எழுதினா பாதியில வெட்டிடுது. ஏன்?

ஜிமெயில் சுமார் 102 கேபி-க்கு மேல் உள்ள கடிதத்தை வெட்டி, முழுவதும் காண ஒரு இணைப்பை வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘கொ’ என்பது ககரமும் கொம்புமாக இரண்டு குறி, ஆறு பைட். எனவே அதே நீளக் கடிதம் தமிழில் சீக்கிரமே எல்லையைத் தொடும். அடியில் இருக்கும் விலகும் இணைப்பும் சேர்ந்து மறைந்துவிடும். மறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிசிசி கேள்வியில் பார்த்தோம்.

ஆனால் எழுத்து மட்டும் அவ்வளவு எடை ஏற்றாது. வேர்டிலிருந்தோ கூகுள் டாக்ஸிலிருந்தோ அப்படியே ஒட்டும்போது கூடவே வரும் வடிவக் குப்பைதான் பெரும்பாலும் காரணம். வடிவம் இல்லாமல் ஒட்டுங்கள், கணினியில் `Ctrl+Shift+V`. அப்படியும் நீண்டால் முதல் பாதியைக் கடிதத்தில் வைத்து, மீதியை உங்கள் இணையதளத்தில் போடுங்கள்.

சப்ஸ்டாக்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாவே கிடைக்குதே. அதுவும் ஒரு தளம்தானே?

தளம்தான், ஆனால் கிளம்பும்போது சந்தாதாரர்களின் மின்னஞ்சல்களை எடுத்துப்போக விடுகிறது. உங்கள் சொந்த டொமைனையும் இணைக்கலாம். எழுதுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் அங்கே தொடங்குவதில் தவறில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ‘சந்தாதாரர்’ வேறு, ‘பின்தொடர்பவர்’ வேறு. செயலிக்குள் பின்தொடர்பவரின் மின்னஞ்சல் உங்கள் கோப்பில் வராது. அந்த எண் ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்தால், முதல் கேள்வியில் சொன்ன இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

சரி, எல்லாம் செஞ்சாச்சு. நாளைக்கே கணக்கு போனா நான் என்ன பண்ணணும்?

அன்றைக்குச் செய்வதைவிட இப்போதே செய்ய வேண்டியதுதான் அதிகம். மாதக் கடிதம் அனுப்பும் நாளிலேயே பட்டியலைச் சிஎஸ்வியாகத் தரவிறக்கி, கணினியில் ஒன்று, வெளியே ஒன்று என்று வைக்கிறேன். அது மற்றவர்களின் முகவரி, அதனால் கடவுச்சொல் போட்டு வைக்கிறேன். வீடியோக்களின் மூலக்கோப்புகள் ஒரு ஹார்ட்டிஸ்கில். டொமைன், மெயில் சேவை இரண்டின் கடவுச்சொல்லும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்.

கணக்கு போன அன்று அவசரத்தில் புலம்பலாக ஒரு கடிதம் எழுதிவிடுவோம். அதனால் அதை முன்பே எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். மூன்று வரிதான்: ‘எங்கள் பக்கம் இப்போது திறக்கவில்லை. ஆர்டர்களையும் கேள்விகளையும் இந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்பலாம், விதைப் பட்டியல் எங்கள் இணையதளத்தில் இருக்கிறது. பக்கத்தின் பெயரில் வேறு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.’ கடைசி வரியைக் கட்டாயம் வையுங்கள். கணக்கு முடங்கியிருக்காமல் திருட்டுப் போயிருந்தால், திருடியவர் முதலில் செய்வது உங்கள் வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்பதுதான்.